காலையில் வந்த ஆயிரம் பங்கு

நியூ ஜெர்சியில் இருக்கும் நண்பர் ஒருநாள் காலையில் கூப்பிட்டார். குரலில் தூக்கமும் பதற்றமும் கலந்திருந்தது. "அதிகபட்ச நஷ்டம் ஐயாயிரம் டாலர்னு புரோக்கர் திரையிலேயே போட்டிருந்தான். இப்ப ஐயாயிரத்து ஐந்நூறு போயிருக்கு. எப்படிப்பா?"

திரை பொய் சொல்லவில்லை. எக்ஸ்பைரி நாளில் அதிகபட்ச நஷ்டம் எவ்வளவு என்பதைத்தான் அது சொல்லியிருந்தது. நடுவில் வரும் டிவிடெண்ட் அந்தக் கணக்கில் இல்லை.

நண்பர் சென்னையில் இருந்தபோது என்எஸ்இ-யில் ஆப்ஷன் வியாபாரம் செய்தவர். இங்கே 2011 முதல் தனிப் பங்குகளின் ஆப்ஷன்களும் ஐரோப்பிய வகைக்கு மாறிவிட்டன. வாங்கியவர் எக்ஸ்பைரி அன்றுதான் தன் உரிமையைப் பயன்படுத்த முடியும். அமெரிக்காவில் பங்கு ஆப்ஷன்கள் வேறு வகை. வாங்கியவர் எந்த வேலை நாளிலும் "பங்கைக் கொடு" என்று கேட்கலாம். கோரிக்கை சிகாகோவில் உள்ள ஆப்ஷன்ஸ் கிளியரிங் கார்ப்பரேஷனுக்குப் போகும். அது ஏதோ ஒரு புரோக்கரைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கும். அந்த புரோக்கர், அதே ஆப்ஷனை விற்று வைத்திருக்கும் தன் வாடிக்கையாளர்களில் ஒருவர் தலையில் அதைக் கட்டுவார். இதற்குப் பெயர் அசைன்மென்ட். வேலையெல்லாம் இரவோடு இரவாக முடிந்துவிடும், தகவல் மறுநாள் காலையில்தான் வரும்.

கால் ஆப்ஷனை எக்ஸ்பைரிக்கு முன்பே பயன்படுத்துவது பொதுவாக அசட்டுத்தனம், மீதி நாட்களுக்கு உள்ள மதிப்பு வீணாகிவிடும். ஆனால் எக்ஸ்-டிவிடெண்ட் தேதிக்கு முந்தைய நாள் மட்டும் கணக்கு தலைகீழாகிறது. டிவிடெண்ட் பங்கு வைத்திருப்பவருக்குத்தான், ஆப்ஷன் வைத்திருப்பவருக்குக் கிடையாது. அந்தத் தேதியன்று காலையில் பங்கின் விலையும் ஏறக்குறைய டிவிடெண்ட் அளவுக்குக் குறைந்துதான் தொடங்கும். ஆகவே ஆப்ஷன் வைத்திருப்பவர் முந்தைய நாளே அதைப் பங்காக மாற்றிக்கொள்ளப் பார்ப்பார்.

நண்பரின் கணக்கை, எண்களைக் கொஞ்சம் முழுமையாக்கிச் சொல்கிறேன். பங்கின் விலை 64 டாலர். அவர் 55 டாலர் ஸ்ட்ரைக் உள்ள கால் ஆப்ஷனில் பத்து விற்றிருந்தார். பாதுகாப்புக்கு 60 டாலர் ஸ்ட்ரைக்கில் பத்து வாங்கியிருந்தார். ஒவ்வொன்றும் நூறு பங்கு. இடைவெளி 5 டாலர், ஆயிரம் பங்குக்கு 5,000 டாலர். விற்றபோது வந்த பிரீமியத்தை இங்கே சேர்க்கவில்லை. எக்ஸ்பைரிக்கு இன்னும் பத்து நாள். நாளை எக்ஸ்-டிவிடெண்ட், பங்குக்கு 50 சென்ட்.

இப்போது 55 கால் வைத்திருக்கும் முகம் தெரியாத அந்த மனிதரின் நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள். இன்றே பங்காக மாற்றினால் 50 சென்ட் கிடைக்கும். மாற்றினால் இழப்பவை இரண்டு. ஒன்று, 55 டாலரைப் பத்து நாள் முன்னதாகக் கட்டுவதால் போகும் வட்டி. ஆண்டுக்கு 4 சதவீதம் என்றால் 6 சென்ட். இன்னொன்று, பங்கு 55-க்குக் கீழே விழுந்தால் தப்பிக்கும் வசதி. அந்த வசதிக்குச் சந்தையே விலை போட்டு வைத்திருக்கிறது: அதே 55 ஸ்ட்ரைக்கில், அதே எக்ஸ்பைரியில் உள்ள புட்டின் விலை. அது 3 சென்ட். மொத்தம் 9 சென்ட்டை விட்டால் 50 சென்ட் கையில். விவரம் தெரிந்தவர் யாரும் காத்திருக்கமாட்டார்.

காலையில் நண்பர் கணக்கில் ஆயிரம் பங்கு ஷார்ட், விலை 55. பங்கு ஷார்ட்டில் இருப்பவர் டிவிடெண்டைத் தன் பாக்கெட்டிலிருந்து கொடுக்க வேண்டும் என்பதால் 500 டாலர் பற்று. பதறிப்போய் கையிலிருந்த 60 காலைப் பங்காக மாற்றினார். 60-க்கு வாங்கி 55-க்குக் கொடுத்ததில் 5,000, டிவிடெண்ட் 500. ஆக 5,500.

அந்தக் காலையிலும்கூட வேறு வழி இருந்தது. பங்கு 63.50-க்கு இறங்கியிருந்தது, 60 காலின் விலை 3.69. காலைச் சந்தையில் விற்றுவிட்டு ஷார்ட்டைப் பங்கு வாங்கி மூடியிருந்தால் நஷ்டம் 5,310-ல் நின்றிருக்கும்.

பலரும் பழியை அசைன்மென்ட் மேல் போடுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. விற்ற ஆப்ஷனைப் பொறுத்தவரை அது நியாயமான கொடுக்கல் வாங்கல்தான், பங்கின் விலை இறங்கிய அளவைத்தான் டிவிடெண்டாகக் கொடுக்கிறோம். காசு போனது வாங்கி வைத்திருந்த 60 காலில். முந்தைய நாள் அதன் மதிப்பு 4 டாலர், டிவிடெண்ட் போனதும் 3.69. எதிராளி விழித்திருந்து தன் காலைப் பங்காக்கிய இரவில் நண்பரின் கால் தூங்கிக்கொண்டிருந்தது. முந்தைய நாள் மதியமே இரண்டையும் சேர்த்து 5.05-க்கு மூடியிருந்தால் 5,050-ஓடு போயிருக்கும்.

இதைத் தினமும் பார்ப்பது மனிதர் வேலையல்ல. சிறு நிரல் போதும். அதன் நடு எலும்பு இவ்வளவுதான்:

```python
def alarm(strike, days, put_bid, dividend, r=0.04):
    cushion = put_bid + strike * r * days / 365
    return dividend > cushion
```

`alarm(55, 10, 0.03, 0.50)` என்று கேட்டால் `True` வரும். விற்று வைத்திருக்கும் ஒவ்வொரு காலுக்கும், அடுத்த வர்த்தக நாள் எக்ஸ்-டிவிடெண்ட் என்றால் இதைக் கேட்க வேண்டும். வாங்கியிருக்கும் காலுக்கும் இதையே கேட்கலாம். அங்கே `True` வந்தால், அதையும் இன்றே பங்காக்கவோ விற்கவோ வேண்டும் என்று பொருள்.

கணக்கு எளிது, கோளாறெல்லாம் உள்ளே போகும் தகவலில்தான். காலின் விலையிலிருந்து நேராக மீதி மதிப்பைக் கழித்துப் பார்க்கும் நிரல்கள் உண்டு. இவ்வளவு ஆழத்தில் இருக்கும் காலுக்கு வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடையே பெரிய பள்ளம் இருக்கும், கடைசி வியாபாரம் நேற்றையதாகக்கூட இருக்கலாம். புட்டை நம்புவது அதனால்தான். அதிலும் பிட் விலையை எடுத்தால் மெத்தை சிறிதாகி, மணி சற்றுக் கூடுதலாக அடிக்கும். அது நமக்கு நல்லதே.

அடுத்தது தேதி. "நாளை" என்று நாட்காட்டியில் ஒரு நாளைக் கூட்டும் நிரல், திங்கட்கிழமை எக்ஸ்-டிவிடெண்டை வெள்ளிக்கிழமை பார்க்காமல் ஞாயிறன்று பார்க்கும். ஞாயிறன்று செய்ய ஒன்றுமில்லை. விடுமுறைப் பட்டியலோடு அடுத்த வர்த்தக நாளைக் கணக்கிட வேண்டும். எஸ்பிஒய் ஃபண்டில் இன்னொரு சிக்கல். மார்ச், ஜூன், செப்டம்பர், டிசம்பர் மூன்றாம் வெள்ளி அதன் எக்ஸ்-டிவிடெண்ட் நாள், மாத ஆப்ஷன் எக்ஸ்பைரியும் அன்றே. வியாழன் மாலை பல கால்களில் புட்டுக்கு மதிப்பே இருக்காது.

எப்போதாவது வரும் சிறப்பு டிவிடெண்டுக்குப் பொதுவாக ஸ்ட்ரைக்கையே குறைத்துத் திருத்திவிடுவார்கள். அதை வழக்கமான டிவிடெண்டாக எடுத்துக்கொண்டு நிரல் வீணாக அலறும்.

நிரல் ஓடும் நேரமும் முக்கியம். சந்தை நியூயார்க் நேரம் மாலை நான்குக்கு மூடும். நண்பருக்கு நான் காலையில் ஒரு முறையும் மூன்று மணிக்கு ஒரு முறையும் ஓடும்படி வைத்துக் கொடுத்தேன்.

மூன்று மாதம் கழித்து மூன்று மணிச் செய்தி வந்திருக்கிறது. வேறொரு பங்கு, மறுநாள் டிவிடெண்ட். "குலுக்கல்தானே, நம்ம மேல விழாமலும் போகலாம் இல்லையா?" என்று கேட்டார். போகலாம்தான். மறதியாக இருக்கும் ஆப்ஷன்காரர் நம் பங்குக்கு வந்தால், அவர் விட்ட டிவிடெண்ட் நமக்கு லாபம் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு, "மறதிக்காரன் வருவான்னு ஆயிரம் பங்கை நம்பி எப்படி வைக்கிறது" என்று சொல்லிவிட்டு, மூன்றரைக்கு இரண்டையும் மூடினார்.