நான்கில் ஒன்று என்ற பழக்கம்

கேட் தேர்வில் 65 கேள்விகள், 100 மதிப்பெண், மூன்று மணி நேரம். பொறியியல் மேற்படிப்புக்கான இந்தத் தேர்வில் மூன்று வகைக் கேள்விகள் கலந்து வருகின்றன. நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் எம்.சி.க்யூ. எல்லோருக்கும் பழகியது. விடை எதுவும் தராமல், கணக்கிட்ட எண்ணைத் திரையில் பதியச் சொல்வது என்.ஏ.டி. மூன்றாவது வகை எம்.எஸ்.க்யூ.; 2021-இல் கேட் தேர்வில் சேர்க்கப்பட்டது. இதில் நான்கில் ஒன்று சரியாக இருக்கலாம், இரண்டோ மூன்றோ சரியாக இருக்கலாம், நான்குமே சரியாகவும் இருக்கலாம். எத்தனை என்று கேள்வி சொல்லாது.

பள்ளியின் ஒரு மதிப்பெண் வினாவிலிருந்து நீட் வரை ஒற்றை விடைக் கேள்விகளிலேயே வளர்ந்த மாணவருக்கு ஒரு வழக்கம் படிந்திருக்கும்: பொருந்துகிற விடை கண்ணில் பட்டதும் குறித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவது. எம்.சி.க்யூ.வில் அது சரியான வேகம். எம்.எஸ்.க்யூ.வில் அதுவே முதல் தவறு.

ஒரு கேள்வியைப் பார்க்கலாம். n என்பது ஒரு மிகை முழு எண். அதன் வர்க்கமான n² என்ற எண் 12-ஆல் மீதியின்றி வகுபடுகிறது. அப்படியானால் எவை கட்டாயம் உண்மை? (அ) n, 6-ஆல் வகுபடும். (ஆ) n, 12-ஆல் வகுபடும். (இ) n², 36-ஆல் வகுபடும். (ஈ) n², 24-ஆல் வகுபடும்.

அவசரத்தில் பலர் கையில் எடுக்கும் எண் 12. அதன் வர்க்கம் 144. அது 12-ஆல் வகுபடுகிறது, 24-ஆலும் 36-ஆலும் வகுபடுகிறது. 12 என்ற எண்ணும் 6-ஆலும் 12-ஆலும் வகுபடுகிறது. நான்கும் சரி என்று தோன்றும். விடை அதுவல்ல. 6-ஐ எடுத்தால் வர்க்கம் 36. அது 12-ஆல் வகுபடுகிறது. ஆனால் 6 என்ற எண் 12-ஆல் வகுபடாது, 36 என்ற எண் 24-ஆல் வகுபடாது. ஆகவே (ஆ), (ஈ) இரண்டும் விழுந்துவிடுகின்றன. மற்ற இரண்டையும் உதாரணம் காட்டி நிறுவ முடியாது, காரணம் வேண்டும். 12-இல் 4-உம் 3-உம் இருக்கின்றன. வர்க்கம் 4-ஆல் வகுபட்டால் எண் 2-ஆல் வகுபடும். வர்க்கம் 3-ஆல் வகுபட்டால் எண்ணும் 3-ஆல் வகுபடும். ஆக n, 6-ஆல் வகுபடுகிறது. அதன் வர்க்கம் 36-ஆல் வகுபடுகிறது. விடை (அ), (இ).

எம்.எஸ்.க்யூ. பயிற்சி முழுவதும் இதில் அடங்கியிருக்கிறது. தவறான கூற்றை வீழ்த்த ஓர் எதிர் உதாரணம் போதும்; சரியான கூற்றுக்கு ஒரு காரணம் தேவை. பயிற்சி நோட்டில் நான்கு கூற்றுகளையும் நான்கு தனிக் கேள்விகளாக எழுதி, ஒவ்வொன்றின் எதிரிலும் 'சரி' அல்லது 'தவறு' என்றும், பக்கத்தில் அரை வரியில் ஏன் என்றும் எழுத வேண்டும். அந்த அரை வரி வராத கூற்றுதான் தெரியாத கூற்று. விடைக்குறிப்போடு ஒப்பிடும்போது மொத்த விடை சரியாக வந்தாலும், காரணம் எழுதாத கூற்றைத் தவறாகவே கணக்கிடுவது நல்லது. முதல் சில நாட்கள் இது எரிச்சலூட்டும் அளவுக்கு மெதுவாகப் போகும்.

மதிப்பெண் விதி தேர்வுக்குத் தேர்வு மாறுகிறது. கேட் தேர்வின் எம்.எஸ்.க்யூ.வில் சரியான கூற்றுகள் எல்லாவற்றையும், அவற்றை மட்டும், குறித்தால்தான் மதிப்பெண்; பாதி சரிக்குப் பாதி கிடைக்காது. ஆனால் நெகட்டிவ் மார்க் இல்லை. ஆகவே வெறுமையாக விட எந்தக் காரணமும் இல்லை. குருட்டாம்போக்கில் குறித்தால் பலிக்கும் என்று நம்பவும் காரணம் இல்லை: நான்கு கூற்றுகளில் ஒன்றையாவது குறிக்க 15 வழிகள் உண்டு, அவற்றில் ஒன்றே சரி.

ஜே.இ.இ. அட்வான்ஸ்டில் கதை வேறு. அங்கே முழுமையாகச் சரியென்றால் 4 மதிப்பெண் தரும் வகையில், மூன்று கூற்றுகள் சரியாக இருந்து அவற்றில் இரண்டை மட்டும் குறித்தால் 2 கிடைக்கும். ஒரு தவறான கூற்றைச் சேர்த்துக் குறித்தாலும் 2 மதிப்பெண் பறிபோகும். ஒரு மாணவருக்கு இரண்டு கூற்றுகள் உறுதி, நான்காவது தவறு என்பதும் உறுதி, மூன்றாவதில் மட்டும் சந்தேகம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டோடு நிறுத்தினால் குறைந்தது 2, மூன்றாவது உண்மையில் தவறென்றால் 4. மூன்றாவதையும் குறித்தால் ஒன்று 4, இல்லையேல் கழித்தல் 2. இரண்டு வழிகளும் சமமாகும் இடம், மூன்றாவது சரியாக இருக்க முக்கால் பங்கு வாய்ப்பு இருக்கும்போது. அதைவிடக் குறைந்த நம்பிக்கை என்றால் பேனாவைக் கீழே வைப்பதே லாபம். 'பாதிக்குப் பாதி இருக்கும்' என்ற துணிச்சலுக்கு அங்கே இடமில்லை.

எண்விடைக் கேள்வியின் சிக்கல் வேறு மாதிரி. எம்.சி.க்யூ.வில் கணக்கு தவறினால், வந்த விடை நான்கிலும் இல்லாதபோது மாணவர் விழித்துக்கொள்வார். என்.ஏ.டி.யில் அந்தக் காவல் இல்லை. எந்த எண்ணைப் பதிந்தாலும் கணினி வாங்கிக்கொள்ளும்.

50 மி.மீ. விட்டமுள்ள குழாயில் தண்ணீர் விநாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. விநாடிக்கு எத்தனை லிட்டர், இரண்டு தசம இடங்களுக்கு? குழாயின் குறுக்குவெட்டுப் பரப்பு 0.0019635 சதுர மீட்டர். அதை 2-ஆல் பெருக்கினால் 0.003927 கன மீட்டர், அதாவது 3.93 லிட்டர். பரப்பை நடுவிலேயே 0.002 என்று சுருக்கியவருக்கு 4.00 வரும். விட்டத்தை ஆரமாக எடுத்தவருக்கு 15.71. லிட்டருக்கு மாற்ற மறந்து கன மீட்டரிலேயே விட்டவருக்கு இரண்டு தசம இடத்தில் 0.00. மூன்று பேருக்கும் சூத்திரம் தெரியும், மூன்று பேருக்கும் மதிப்பெண் இல்லை. கேட் விடைக்குறிப்பில் இத்தகைய கேள்விகளுக்கு விடை ஒரு சிறு வரம்பாகத் தரப்படுவதுண்டு, 3.92 முதல் 3.94 வரை என்பதுபோல. கடைசி இலக்கத்தில் வரும் சின்ன வேறுபாட்டை அது தாங்கும், நடுவழியில் சுருக்கியதைத் தாங்காது.

ஆகவே பயிற்சியில் தோராய விடையை முதலில் எழுதிவிட வேண்டும். 5 செ.மீ. விட்டமுள்ள வட்டத்தின் பரப்பு சுமார் 20 சதுர செ.மீ.; வேகம் விநாடிக்கு 200 செ.மீ.; பெருக்கினால் 4,000 கன செ.மீ., அதாவது 4 லிட்டர். இதற்கு அரை நிமிடம் போதும். பிறகு 15.71 வந்தால் எங்கோ தவறு என்று உடனே தெரியும். எம்.சி.க்யூ. தந்த காவலை மாணவர் தாமே போட்டுக்கொள்வதுதான் இது. பழைய ஒற்றை விடைக் கணக்குகளையும் நான்கு விடைகளைத் தாளால் மறைத்துவிட்டு என்.ஏ.டி. போலச் செய்யலாம்.

கருவியும் பழக வேண்டும். கேட் தேர்வறைக்குள் சொந்தக் கால்குலேட்டர் கொண்டுபோக முடியாது. திரையில் தெரியும் கால்குலேட்டரை மவுஸால் சொடுக்கித்தான் கணக்கிட வேண்டும், விடை எண்ணையும் திரையிலுள்ள எண்பலகையில்தான் பதிய வேண்டும். கோணம் வரும் கணக்குகளில் அது டிகிரியில் இருக்கிறதா, ரேடியனில் இருக்கிறதா என்று பார்க்காமல் தொடங்குபவர்கள் எல்லா ஆண்டும் உண்டு. எண்ணைப் பதிந்த பின் `Save & Next` பொத்தானை அழுத்த வேண்டும்.

2021-க்கு முந்தைய கேட் வினாத்தாள்களில் எம்.எஸ்.க்யூ. கிடையாது என்பதால், பழைய தாள்களை மட்டும் நம்பிப் படிப்பவருக்கு அந்த வகையில் கேள்விகள் சீக்கிரமே தீர்ந்துவிடும். எம்.எஸ்.சி. சேர்க்கைக்கான ஐ.ஐ.டி. ஜாம் தேர்வில் 'பி' பகுதி முழுவதும், 10 கேள்விகள், இந்த வகைதான். அதன் கணிதத் தாளை கேட் மாணவர்களும் எடுத்துப் போட்டுப் பார்க்கலாம்.