மாத்திரை அட்டையின் பின்பக்கம்

கும்பகோணத்தில் மருமகளோடு இருக்கும் 68 வயது அம்மா ஒருவரை எடுத்துக்கொள்வோம். பல வருடங்களாகச் சர்க்கரை, ரத்த அழுத்தம். மூன்று வருடத்துக்கு முன் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். இப்போது சில மாதங்களாக அடிக்கடி மயக்கம் வருகிறது. அமெரிக்காவில் இருக்கும் மகன் அங்குள்ள ஒரு மருத்துவரிடம் வீடியோ வழியாக இரண்டாவது கருத்து கேட்க ஏற்பாடு செய்கிறார். மருத்துவருக்குக் கிடைக்கும் நேரம் அரை மணி இருக்கலாம். அதற்கு முன் அம்மாவின் கதையை ஒரே பக்கத்தில் ஆங்கிலத்தில் எழுதி அனுப்ப வேண்டிய பொறுப்பு மருமகளுடையது.

பலரும் டாக்டர் சீட்டைப் போட்டோ எடுத்து அனுப்பிவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். அந்தச் சீட்டில் கிளைகோமெட் ஜிபி 2, டெல்மா ஹெச், ஈகோஸ்ப்ரின் ஏவி 75, பான் டி என்று இருக்கும். நம்மூர் மருந்துக்கடைப் பையனுக்கு இவை மனப்பாடம். அமெரிக்க மருத்துவருக்கு இவற்றில் ஒன்றுகூடத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. கம்பெனிப் பெயர் நாட்டுக்கு நாடு மாறும். மருந்தின் பொதுப்பெயர்தான் எல்லா ஊருக்கும் பொது. உலக சுகாதார நிறுவனம் 1953 முதல் அப்படிப் பொதுப்பெயர்களைப் பட்டியலிட்டு வருகிறது.

பொதுப்பெயரைத் தேடி எங்கும் போக வேண்டாம், அது மாத்திரை அட்டையின் பின்பக்கத்திலேயே பொடி எழுத்தில் இருக்கிறது. கிளைகோமெட் ஜிபி 2 அட்டையைத் திருப்பினால் மெட்ஃபார்மின் ஹைட்ரோகுளோரைடு ஐ.பி. 500 மி.கி., கிளிமெபிரைடு ஐ.பி. 2 மி.கி. என்று இரண்டு வரிகள் தெரியும். ஐ.பி. என்பது இந்திய மருந்துத் தரநூலைக் குறிக்கும் எழுத்து, அதை விட்டுவிடலாம். மெட்ஃபார்மினுக்குப் பக்கத்தில் மெதுவாகக் கரையும் வகை என்பதைக் காட்டும் ‘எஸ்ஆர்’ அல்லது அதன் விரிவு இருந்தால் அதை மட்டும் விடக் கூடாது. சில அட்டைகளில் ‘அட்டார்வாஸ்டாட்டின் கால்சியம், அட்டார்வாஸ்டாட்டின் 10 மி.கி.க்கு ஈடானது’ என்ற பொருளில் ஆங்கிலத்தில் நீளமாக இருக்கும். அங்கே மருத்துவருக்கு வேண்டியது கடைசியில் வரும் 10 மி.கி.தான்.

இப்படி ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்க்கும்போது அம்மாவின் பட்டியல் வேறு உருவம் எடுக்கிறது. டெல்மா ஹெச் என்பது டெல்மிசார்டன் 40, ஹைட்ரோகுளோரோதயசைடு 12.5. ஈகோஸ்ப்ரின் ஏவி 75-இல் ஆஸ்பிரின் 75-ம் அட்டார்வாஸ்டாட்டின் 10-ம். பான் டி-யில் பான்டோப்ரசோல் 40, டோம்பெரிடோன் 30. நான்கு பெயர்களுக்குள் எட்டு மருந்துகள்! இன்னொன்றும் தெரியவருகிறது. சர்க்கரை டாக்டர் ராத்திரிக்கென்று தனியாக அட்டார்வாஸ்டாட்டின் 20 எழுதியிருக்கிறார். இதய டாக்டர் தந்ததிலும் அதே மருந்து ஒளிந்திருக்கிறது. கம்பெனிப் பெயர்கள் வேறாக இருந்ததால் வீட்டில் யாருக்கும் இது தெரியாது.

இங்கே மருமகளுக்கு ஒரு எல்லை உண்டு. ஒன்றை நிறுத்துவதோ, இரண்டையும் கூட்டி 30 என்று எழுதுவதோ அவர் வேலை இல்லை. யார் எழுதியது, எப்போது போடுகிறார் என்ற விவரத்தோடு இரண்டையும் தனித்தனியாக எழுதி, ஒரே மருந்து இரண்டு இடத்தில் வருகிறது என்று குறிப்பு வைத்தால் போதும். முடிவு மருத்துவருடையது.

எப்போது, எவ்வளவு என்பதையும் முழு வாக்கியமாக எழுத வேண்டும். 1-0-1 என்றால் காலையும் இரவும் என்பது நமக்குப் பழக்கம், அங்கே அப்படி எழுதுவதில்லை. ‘ஓடி’ என்று நம் டாக்டர்கள் எழுதுவது ஒரு நாளைக்கு ஒரு தடவை. அதே இரண்டு எழுத்தை அமெரிக்காவில் வலது கண் என்றும் படிப்பார்கள். தேதியிலும் இதே சிக்கல் உண்டு. ஸ்டென்ட் வைத்த நாளை 03/04 என்று போட்டால் ஏப்ரல் மூன்றா, மார்ச் நான்கா என்று தெரியாது. மாதத்தை எழுத்தில் எழுதிவிட்டால் குழப்பமே வராது.

இன்சுலின் போடுபவர்கள் என்றால் கூடுதல் கவனம் தேவை. நம் நாட்டில் புழங்கும் குப்பிகளில் பல, மில்லிக்கு 40 யூனிட் வகை. அமெரிக்காவில் வழக்கமானது 100 யூனிட். அதனால் அளவை மில்லியில் சொல்லவே கூடாது, யூனிட்டில்தான் சொல்ல வேண்டும். இங்கே 30/70 என்று சொல்லும் கலவை இன்சுலினை அங்கே 70/30 என்பார்கள். எது குறுகிய நேரம் வேலை செய்வது, எது நீண்ட நேரம் என்று பிரித்து எழுதுவதே பாதுகாப்பு.

பொதுப்பெயர் எழுதியும் அங்கே புரியாமல் போகும் மருந்துகள் சில உண்டு. நம் பாராசிட்டமால் அங்கே அசிட்டமினோஃபென், சால்பியூட்டமால் அங்கே ஆல்பியூட்டரால். டோம்பெரிடோன் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மருந்தே இல்லை. நம்மூரில் நிறையப் பேர் சாப்பிடும் டெனெலிக்ளிப்டினும் அப்படித்தான். இவற்றுக்குப் பக்கத்தில் ‘குமட்டலுக்கு’, ‘சர்க்கரைக்கு’ என்று எதற்காக என்பதை ஒரு சொல்லில் சேர்த்தால் மருத்துவர் தேடிப் பார்த்துக்கொள்வார். சித்த, ஆயுர்வேத மருந்துகளையும் மறைக்கக் கூடாது. பற்பம், செந்தூரம் போன்றவற்றில் உலோகம் இருக்கும். டப்பாவில் உள்ள சேர்மானப் பட்டியலை அப்படியே எழுதுங்கள்.

அடுத்தது தொந்தரவு. அம்மா சொன்னது மயக்கம். அதை ஆங்கிலத்தில் எழுதும்முன் மருமகள் உட்கார்ந்து கேட்கிறார்.

“அத்தை, மயக்கம்னா தலை சுத்துதா, இல்ல நினைவு தப்பிப் போகுதா?”

“சுத்தலம்மா. கண்ணு இருட்டிக்கிட்டு வரும், கை நடுங்கும், வேர்த்துக் கொட்டும். விழுந்ததில்ல.”

“எப்ப வருது?”

“பத்து, பதினோரு மணிக்கு. வெள்ளிக்கிழமை விரதம் இருக்கறேன்ல, அன்னிக்குத்தான் ஜாஸ்தி.”

“அன்னிக்கு மாத்திரை?”

“அத விடலாமா? வழக்கம்போல போட்டுக்குவேன்.”

இந்த மூன்று பதில்களும் அப்படியே ஆங்கிலத்தில் போக வேண்டும். வெறும் ‘மயக்கம்’ என்று போயிருந்தால் மருத்துவர் இதயம், காது, மூளை என்று எல்லாப் பக்கமும் யோசிக்க வேண்டியிருக்கும். நடுக்கம், வியர்வை, சாப்பிடாத நாள், அந்த நாளிலும் போட்ட கிளிமெபிரைடு ஆகிய நான்கும் ஒரே பக்கத்தில் சேர்ந்து தெரிந்தால், சர்க்கரை தாழ்ந்திருக்குமோ என்ற கேள்வி முதலில் எழும். கிளிமெபிரைடு கணையத்தை இன்சுலின் சுரக்க வைக்கும் மருந்து, சாப்பாடு இல்லாத வயிற்றில் சர்க்கரையை அதிகமாக இறக்கிவிடும். ‘ஜிபி 2’ என்ற எழுத்துகளுக்குள் அது மறைந்திருந்தால் அவருக்கு எப்படித் தெரியும்? ஹைட்ரோகுளோரோதயசைடும் வயதானவர்களுக்கு ரத்தத்தில் சோடியத்தைக் குறைத்துத் தலைகிறக்கம் தரக்கூடியது. ஆகவே கடைசியாக எடுத்த சோடியம், கிரியாட்டினின் அளவுகளையும், மயக்கம் வந்தபோது வீட்டுக் கருவியில் பார்த்த சர்க்கரை அளவையும் நேரத்தோடு சேர்க்க வேண்டும். சர்க்கரையை மி.கி./டெ.லி. அளவில் சொல்வது இந்தியாவிலும் அமெரிக்காவிலும் ஒன்றுதான். பார்ப்பவர் லண்டன் மருத்துவர் என்றால் அங்கே மில்லிமோல் கணக்கு, நம் எண்ணை 18-ஆல் வகுத்தால் அவர்கள் எண் வரும். நம் 180 அவர்களுக்கு 10.

வீடியோவில் மருத்துவர் சொல்வதையும் பொதுப்பெயரிலேயே குறித்துக்கொண்டு, அதை எழுத்தில் அனுப்பச் சொல்லிக் கேட்டு, இங்குள்ள டாக்டரிடம் கொண்டுபோக வேண்டும். வெளிநாட்டு மருத்துவர் தருவது கருத்துதான். மருந்தை மாற்றி எழுத வேண்டியவர் உள்ளூர் டாக்டர். உதாரணமாக, கிளிமெபிரைடை நிறுத்திப் பார்க்கலாம் என்று அவர் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அது தனி மாத்திரை இல்லை, மெட்ஃபார்மினோடு ஒட்டி வருகிறது. முழு மாத்திரையை நிறுத்தினால் மெட்ஃபார்மினும் நின்றுபோகும். பாதியாக உடைத்துப் போடவும் முடியாது, மெதுவாகக் கரையும் மாத்திரையை உடைத்தால் அந்தத் தன்மை கெட்டுவிடும். அதனால் உள்ளூர் டாக்டரிடம் கேட்க வேண்டியது இதுதான்: “கிளிமெபிரைடு இல்லாம, வெறும் மெட்ஃபார்மின் எஸ்ஆர் 500 எழுதித் தருவீங்களா டாக்டர்?” அவர் எழுதித் தரும்வரை பழைய மாத்திரையை என்ன செய்வது, விரத நாளில் போடுவதா வேண்டாமா என்பதையும் அப்போதே கேட்டு, வாங்கும் புது அட்டையின் பின்பக்கத்தில் ஒரே ஒரு மருந்துதான் இருக்கிறதா என்று கடையிலேயே பார்த்துவிட வேண்டும்.