ஒரு சாவி, பல கைகள்

கல்லூரி மன்றத்தின் இணைய முகவரிக்குப் பின்னால் இரண்டு தனிக் கணக்குகள் இருக்கலாம். பெயரைப் பதிவுசெய்து ஆண்டுதோறும் புதுப்பிப்பது ரெஜிஸ்ட்ரார் கணக்கு. அந்தப் பெயர் எந்தச் சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்வது டிஎன்எஸ் கணக்கு. தன்னார்வலர்களுக்கு அன்றாடம் தேவைப்படுவது இரண்டாவது மட்டுமே.

ஆகவே ரெஜிஸ்ட்ராரில் நேம்சர்வரை ஒருமுறை கிளவுட்ஃப்ளேருக்கு மாற்றிவிட்டு, அந்தக் கணக்கைப் பொறுப்பாசிரியரும் செயலரும் மட்டும் வைத்துக்கொள்ளலாம். கிளவுட்ஃப்ளேரில் Members பக்கத்திலிருந்து ஒவ்வொரு தன்னார்வலரையும் அவரவர் மின்னஞ்சலில் அழைத்து, DNS என்ற பொறுப்பை மட்டும் தர வேண்டும். கலைவிழாவுக்கு fest என்ற துணைமுகவரி சேர்க்க அதுவே போதும். யார் எதை மாற்றினார் என்பது Audit Logs பகுதியில் பெயரோடு பதிவாகும். பொதுக் கடவுச்சொல்லில் அது தெரியவே தெரியாது. படிப்பை முடித்துப் போகிறவரின் பெயரை நீக்கினால் போதும், மற்றவர்கள் கடவுச்சொல்லை மாற்ற வேண்டியதில்லை.

பலர் கவனிக்காத ஓட்டை ஒன்று உண்டு. டிஎன்எஸ் பதிவை மாற்றக்கூடியவர் MX பதிவையும் மாற்றலாம். மன்றத்துக்கு வரும் கடிதங்கள் அவர் கைக்குப் போய்விடும். ரெஜிஸ்ட்ரார் கணக்கின் மின்னஞ்சலும் அதே முகவரியில் இருந்தால், ‘கடவுச்சொல் மறந்துவிட்டது’ என்று அழுத்தி அதையும் பிடித்துவிடலாம். அந்தக் கணக்குக்கு வேறு முகவரியிலான மின்னஞ்சலும் இரட்டைச் சரிபார்ப்பும் வேண்டும். அதன் மீட்புக் குறியீடுகளைத் தாளில் எழுதித் துறை அலமாரியில் பூட்டி வையுங்கள்.