உங்களுக்குத் தெரியுமா? ஜெல்லில் பட்டை இல்லையென்றால் 'இல்லை' என்று அர்த்தமில்லை

நம் 16ஆவது குரோமோசோமில் பிவி92 என்றொரு இடம் உண்டு. அங்கே சிலருக்கு 'ஆலு' எனப்படும், சுமார் 300 எழுத்து நீளமுள்ள டி.என்.ஏ. துண்டு ஒன்று செருகிக்கொண்டிருக்கும், சிலருக்கு இருக்காது. இருந்தாலும் இல்லாவிட்டாலும் உடலுக்கு ஒன்றுமில்லை. அதனால்தான் கல்லூரி ஆய்வகங்களில் மாணவர்கள் தங்கள் கன்னத்தின் உட்புற செல்களையே எடுத்து இந்தச் சோதனையைச் செய்கிறார்கள். பரவலாகப் பயன்படும் ஒரு பிரைமர் ஜோடியில், ஆலு இருந்தால் 941 கார இணை நீளப் பட்டை வரும், இல்லையென்றால் 641. அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து இன்னொன்று என்று வாங்கியவருக்கு இரண்டும் வரும்.

வெறும் லேன் எதையும் நிரூபிக்காது. "பட்டை தெரியவில்லை, எனவே ஆலு இல்லை" என்று எழுதினால் மதிப்பெண் போகும். ஆலு இல்லாதவருக்கும் 641இல் பட்டை வந்தே ஆகவேண்டும். ஒன்றுமே வரவில்லையென்றால் பிசிஆர் நடக்கவில்லை, அவ்வளவுதான். அதே ஜெல்லில் பாசிட்டிவ் கன்ட்ரோலில் பட்டை இருந்தால் கோளாறு பெரும்பாலும் உங்கள் மாதிரியில்: செல் போதவில்லை, அல்லது பிசிஆரைத் தடுக்கும் ஏதோ கலந்திருக்கிறது. அதுவும் வரவில்லையென்றால் எல்லோருக்கும் பொதுவான கலவையையோ இயந்திரத்தையோதான் சந்தேகிக்க வேண்டும்.

அளவு பார்க்கச் சாதாரணக் கழித்தல் உதவாது. லேடரின் 1000 பட்டை கிணற்றிலிருந்து 30 மி.மீ. தூரத்திலும், 500 பட்டை 42 மி.மீ. தூரத்திலும் நிற்கின்றன என்று வைத்துக்கொள்வோம். உங்கள் பட்டை 37இல். 12 மி.மீ.க்கு 500 குறைகிறது, 7 மி.மீ.க்கு எவ்வளவு என்று போட்டால் 708 வரும். ஆனால் துண்டு ஓடும் தூரம் அதன் நீளத்தோடு அல்ல, நீளத்தின் லாகரிதத்தோடுதான் ஏறக்குறைய நேர்கோட்டில் போகும். லாக் எடுத்துக் கணக்கிட்டால் 667. அது 641 இல்லையே என்று பதற வேண்டாம். பட்டைக்கே ஒரு மி.மீ. அகலம் இருக்கும், இந்த இடத்தில் ஒரு மி.மீ. தள்ளி அளந்தால் 40 கார இணை மாறிவிடும். அறிக்கையில் "சுமார் 670, எதிர்பார்த்த 641உடன் ஒத்துப்போகிறது" என்று எழுதுவதே நேர்மை. ஜெல்லைப் பார்த்தே 641 என்று அச்சாக எழுதுகிறவர் கையேட்டைப் பார்த்து எழுதுகிறார் என்பது திருத்துகிறவருக்குத் தெரியும்.

பளிச்சென்று இருப்பது எண்ணிக்கையில் அதிகம் என்பதல்ல. சாயம் நீளமான துண்டில் அதிகம் ஒட்டும். இரண்டும் ஒரே எண்ணிக்கையில் இருந்தால் 941தான் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு பளிச்சிட வேண்டும். ஆனால் இரண்டு வகையும் உள்ளவரின் லேனில் பல நேரம் கீழ்ப்பட்டைதான் தடித்துத் தெரிகிறது. பிசிஆரில் குட்டைத் துண்டு சீக்கிரம் பெருகிவிடுவதே காரணம். மாதிரி மோசமாக இருந்தால் மேல்பட்டை கண்ணுக்கே தெரியாமல் போகலாம். அவரை "ஆலு அறவே இல்லாதவர்" என்று தவறாகப் பதிந்துவிடுவோம். ஆகவே மங்கலான லேனில் 641 மட்டும் தெரிந்தால் மறுபடி செய்து பார்ப்பது நல்லது. 941 மட்டும் தெரிகிற லேனில் இந்தச் சந்தேகம் குறைவு.

இரண்டு வகைதான், மூன்றாவது பட்டை எப்படி வந்தது? இந்தச் சோதனையில் மிகச் சுவையான கேள்வி இதுதான். இரண்டு வகையும் உள்ளவரின் லேனில் சில சமயம் 941க்கும் மேலே, 1100 போல ஒரு மெல்லிய பட்டை நிற்கும். புது மரபணு வடிவம் ஒன்றும் இல்லை. கடைசிச் சுற்றுகளில் நீள இழை ஒன்றும் குட்டை இழை ஒன்றும் தவறுதலாக ஜோடி சேர்ந்துவிடுகின்றன. ஜோடியில்லாத 300 எழுத்தும் நடுவில் வளையமாகப் புடைத்து நிற்க, அந்த மூலக்கூறு ஜெல்லின் துளைகளில் மாட்டி மாட்டி ஊர்கிறது. லேடர் காட்டும் 1100 அதன் உண்மை நீளமே அல்ல. சந்தேகமென்றால் 941 மட்டும் வந்தவரின் விளைபொருளையும் 641 மட்டும் வந்தவரின் விளைபொருளையும் கலந்து, 95 டிகிரிக்குச் சூடாக்கி, மெல்ல ஆறவிட்டு ஓட்டிப் பாருங்கள். பிசிஆரே செய்யாமல் அந்த மூன்றாவது பட்டை தோன்றினால் சந்தேகம் தீர்ந்தது.

டி.என்.ஏ. சேர்க்காத குழாயில் பட்டை வந்தால்? எங்கே வந்தது என்று முதலில் பாருங்கள். 100க்கும் கீழே புகைபோலத் தெரிந்தால் பிரைமர்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெருகியவை. குறிப்பிட்டுவிட்டு மேலே போகலாம். 641இல் தெளிவாக வந்தால் யாருடைய டி.என்.ஏ.வோ கலவையில் விழுந்திருக்கிறது. அப்போது 641 காட்டும் எந்த லேனையும் நம்ப முடியாது. 941 மட்டும் காட்டும் லேன் ஓரளவு தப்பிக்கும் என்று வாதாடலாம். ஆனால் புதிய நீர், புதிய கலவை, வடிகட்டி வைத்த பிப்பெட் முனை என்று எல்லாவற்றையும் மாற்றி மொத்தத்தையும் மறுபடி ஓட்டுவதுதான் வழக்கம்.