நாலு பேருக்கு இருபத்தாறு ஆவணமா?

ஒரு கண் மருத்துவமனைக்கு முன்பதிவு மென்பொருள் செய்ய வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஆட்கள் நாலு பேர், அவகாசம் மூன்று மாதம், செலவு 12 லட்சம். பிரிட்டிஷ் அரசு 1996-ல் வெளியிட்ட 'பிரின்ஸ்2' என்ற திட்ட மேலாண்மை முறையில் வேலை நடக்க வேண்டும் என்கிறார் வாடிக்கையாளர். அதன் 2017 பதிப்பு பட்டியலிடும் நிர்வாக ஆவணங்கள் 26. அத்தனைக்கும் படிவங்களை இறக்கி நிரப்ப உட்கார்ந்தால், நிரல் எழுத ஆள் இருக்காது.

அதே நூல் வலியுறுத்தும் ஏழு கோட்பாடுகளில் ஒன்று, திட்டத்துக்குத் தகுந்தபடி முறையைத் திருத்திக்கொள்ள வேண்டும் என்பது. படிவங்களோடு போராடுகிறவர்கள் பெரும்பாலும் இதைத்தான் தவறவிடுகிறார்கள்.

நம் நாலு பேர் எப்படித் திருத்தலாம்? திட்டம் ஏன் தேவை, என்னென்ன செய்து தர வேண்டும், எப்போது, எவ்வளவில் என்பதெல்லாம் ஒரே ஆவணத்தில் ஐந்தாறு பக்கங்களுக்குள் அடங்கிவிடும். அபாயங்களுக்கும் சிக்கல்களுக்கும் தனித்தனிப் பதிவேடு வேண்டாம். திட்ட மேலாளரின் அன்றாடக் குறிப்பேடே போதும். குழுவின் முன்னேற்றத்தை வாய்மொழியாகவே சொல்லிவிடலாம், மருத்துவமனைக்கு இரண்டு வாரத்துக்கு ஒரு மின்னஞ்சல். மேலாளரே குழுத் தலைவராகவும் இருக்கலாம்.

ஆனால் சிலவற்றில் கைவைக்கக் கூடாது. பணத்துக்குப் பொறுப்பேற்கும் நிர்வாகியும் திட்ட மேலாளரும் ஒரே ஆளாக இருக்கவே கூடாது; இருந்தால், 'இது இனித் தேறாது, நிறுத்து' என்று சொல்ல யாரும் மிஞ்ச மாட்டார்கள். திட்டம் குறைந்தது இரண்டு கட்டங்களாகப் பிரிய வேண்டும்: திட்டமிட ஒன்று, செய்து முடிக்க ஒன்று. நடுவில் தொடரலாமா என்று நிர்வாகி முடிவெடுப்பார். செலவு எவ்வளவு கூடலாம் என்ற வரம்பும் எழுத்தில் இருக்க வேண்டும். வரம்பு ஒரு லட்சம் என்று வையுங்கள். ஆறாவது வாரத்திலேயே கணக்கு 13.5 லட்சத்தைத் தொடும்போலத் தெரிந்தால், பணம் தீரும்வரை காத்திருக்காமல் அன்றே நிர்வாகியிடம் போக வேண்டும். ஒவ்வொரு பகுதியையும் எதை வைத்து ஏற்றுக்கொள்வது என்பதையும் எழுதியாக வேண்டும். 'ரத்து செய்த நேரம் உடனே அடுத்தவருக்குத் திறக்க வேண்டும்' என்று ஒரு வரி இருந்தால், கடைசி வாரத்து வாக்குவாதம் ஒன்று குறையும்.

ஓர் ஆவணம் தேவையா என்று பார்க்க நான் நம்பும் சோதனை, அதைப் படித்து யார் என்ன முடிவெடுக்கிறார் என்று கேட்பது. வேலை முடிந்தபின் தேதி போட்டு நிரப்பப்படும் தாள் யாருக்கும் பயன்படவில்லை. ஒரே கெடுவுக்கு இரண்டு ஆவணங்களில் இரண்டு தேதி இருந்தால், அவற்றில் ஒன்று கூடுதல்.

ஆட்களின் எண்ணிக்கையை மட்டும் வைத்துக் குறைப்பது ஆபத்து. 'கிரிஸ்டல்' முறைகளை வகுத்த அலிஸ்டர் காக்பர்ன், குழுவின் அளவோடு பிழையால் வரும் இழப்பையும் அளந்தார்: வசதிக் குறைவா, பண இழப்பா, உயிரிழப்பா? அதே நாலு பேர் நாளை மருந்தின் அளவைக் கணக்கிடும் மென்பொருளை எடுத்தால், கூட்டங்களைக் குறைக்கலாம்; ஆனால் ஒவ்வொரு கணக்கையும் யார் சோதித்தார், என்ன விடை வந்தது என்ற பதிவை ஒரு வரிகூடக் குறைக்க முடியாது.