காவல்கிணறு தாண்டியதும் ஆரம்பிக்கலாம்

கன்னியாகுமரிக்குச் சுற்றுலா போன ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளைச் சூரிய உதயம் பார்க்க விடிகாலை நாலரை மணிக்கே எழுப்பிவிடுவார்கள். அதன்பிறகு படகில் விவேகானந்தர் பாறை, எட்டிப் பார்க்க 133 அடி உயரத் திருவள்ளுவர் சிலை, கடற்கரை மணல், சங்குக் கடைகள், மதியச் சாப்பாடு. மூன்று மணிக்கு மதுரை திரும்பும் பஸ்ஸில் ஏறும்போது பாதிப் பேருக்குக் கண் செருகும். மீதிப் பேருக்குக் காரணமில்லாமல் அழுகை வரும். இனிமேல்தான் சுமார் 245 கிலோமீட்டர் பாக்கி. டீ குடிக்க நிறுத்துவதையும் சேர்த்தால் ஐந்து மணி நேரம்.

போகும்போது பஸ்ஸையே அதிரவைத்த விளையாட்டுகள் திரும்பும்போது எடுபடுவதில்லை. களைத்த பிள்ளையால் தோல்வியைத் தாங்க முடியாது, முறை வரும்வரை காத்திருக்க முடியாது, நீளமான விதிகளை நினைவில் வைத்துக்கொள்ளவும் முடியாது. எனவே 'நீ அவுட்' என்று ஆளைக் கழிக்கும் விளையாட்டுகளைத் திரும்பும் பயணத்தில் தொடவே கூடாது. கழிக்கப்பட்ட பிள்ளைக்கு ஜன்னல் கம்பியைத் தட்டுவதையும் முன்சீட்டுக்காரியின் ஜடையை இழுப்பதையும் தவிர வேறு வேலை இருக்காது. பத்து நிமிடத்தில் பஸ்ஸின் பின்பாதியில் சண்டை மூளும்.

இன்னொரு கட்டுப்பாடு, எந்த விளையாட்டும் பிள்ளையின் தலையைக் குனிய வைக்கக் கூடாது. பஸ் ஆடுவதை உள்காது உணர்கிறது. மடியில் உள்ள தாளையோ செல்போனையோ பார்க்கும் கண்ணுக்கோ எல்லாம் அசையாமல் இருப்பதாகத் தெரிகிறது. இந்த முரண்பாடுதான் குமட்டலைக் கிளப்புகிறது. சத்தமாகப் பாடிக்கொண்டிருந்த பிள்ளை திடீரென்று அமைதியானால் தூக்கம் வந்துவிட்டது என்று விட்டுவிடாமல் முகத்தைப் பார்க்க வேண்டும். வெளுத்த உதடு, நெற்றியில் குளிர்ந்த வியர்வை, எச்சிலை விழுங்கிக்கொண்டே இருப்பது, அடிக்கடி கொட்டாவி: இவை தெரிந்தால் முன்சீட்டுக்கு மாற்றி, தூரத்துச் சாலையைப் பார்க்கச் சொல்ல வேண்டும். பாலித்தீன் பை கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

வெளியே பார்க்க வைக்கும் விளையாட்டுக்கு இந்தச் சாலையில் நல்ல தொடக்கம் இருக்கிறது. காவல்கிணறு, முப்பந்தல் பக்கம் காற்றாலைகள் கூட்டங்கூட்டமாக நிற்கின்றன. எல்லாவற்றையும் எண்ணச் சொன்னால் நூறைத் தாண்டுவதற்குள் கணக்குத் தப்பி, 'பொய் சொல்றான் டீச்சர்' என்று புகார் வரும். சுற்றாமல் நிற்பதை மட்டும் எண்ணச் சொன்னால் போதும். இடப்பக்கச் சீட்டுகள் ஓர் அணி, வலப்பக்கம் இன்னோர் அணி. ஒரு பக்கம் காற்றாலைகள் அதிகமாக இருந்தால் மறுபக்கத்துப் பிள்ளைகள் முகம் சுளிப்பார்கள். அடுத்த சுற்றில் அணிகள் பொருளை மாற்றிக்கொள்ளலாம்: ஒருவருக்குப் பனைமரம், ஒருவருக்கு ஆட்டுமந்தை. வள்ளியூர் வரை இது தாங்கும்.

அதற்கடுத்து எல்லோரும் கேட்பது பாட்டுக்குப் பாட்டு. இலங்கை வானொலியிலும் பிறகு சன் டிவியிலும் பி.எச்.அப்துல் ஹமீத் நடத்தி வீடுதோறும் கொண்டுசேர்த்த விளையாட்டு இது. பஸ்ஸில் இது பெரும்பாலும் பாதியில் நின்றுபோவதற்குக் காரணம் பிள்ளைகளின் களைப்பு மட்டுமல்ல, தமிழ் எழுத்துகளும்தான். ண, ழ, ள, ற, ன ஆகியவற்றில் தமிழ்ச் சொல் தொடங்காது. ஆனால் பாட்டின் கடைசிச் சொல் பல நேரம் இவற்றில் போய்த்தான் முடிகிறது. 'கண்ணே' என்று ஒரு பாட்டு முடிந்தால் அடுத்த அணி 'ணே'வை வைத்துக்கொண்டு என்ன செய்யும்?

விதியைக் கொஞ்சம் தளர்த்தினால் சிக்கல் தீரும். கடைசி எழுத்தில் பாட்டுக் கிடைக்காவிட்டால், சொல் தொடங்கக்கூடிய ஓர் எழுத்து வரும்வரை பின்னோக்கி வரலாம். 'வானம்' என்று முடிந்தால் ம. 'கண்ணே' என்றால் ணே ஆகாது, ண் ஆகாது, க கிடைக்கும். 'மயில்' என்றால் ல் ஆகாது, யி ஆகாது, ம கிடைக்கும். ம, மா, மி என எந்த வடிவில் தொடங்கினாலும் சரி என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். களைத்த பிள்ளைகளுக்கு இரண்டு வரி பாடினாலே போதும், பல்லவி முழுக்க வேண்டாம். பத்து எண்ணும் வழக்கத்தையும் விட்டுவிடலாம். ஓர் அணி திணறினால் எதிரணி ஒரு சொல் எடுத்துக் கொடுக்கட்டும். இலக்கண வகுப்பில் தூங்கவைக்கும் 'மொழிமுதல் எழுத்துகள்' இங்கே பிள்ளைகளின் வாயிலேயே விளங்கிவிடுகிறது.

சாதாரணப் பஸ்ஸில் இன்ஜின் இரைச்சலை மீறி முன்வரிசை பாடுவது கடைசி வரிசைக்குச் சரியாகக் கேட்காது. சேர்ந்து பாடினால் தாளம் சிதறும். மாற்றிமாற்றிப் பாடும் ஏலேலோப் பாட்டுதான் அங்கே பொருந்தும். ஒரு பிள்ளை ஜன்னலில் கண்டதை ஒரு வரியாகக் கட்டுவாள்: 'லாரிமேல வைக்கோல் போகுது'. மற்றவர்கள் 'ஏலேலோ' என்று இழுக்க வேண்டும். அடுத்த வரி பக்கத்துச் சீட்டுக்கு: 'வாலை ஆட்டி மாடு பாக்குது'. எதுகை மோனை அமையாவிட்டால் என்ன, வரி வந்தால் போதும். வரி வராதவர்கள் வெறும் ஏலேலோ சொல்லிவிட்டு நகரலாம்; யாரும் தோற்பதில்லை. கைதட்டு மெதுவாக இருக்கட்டும், காலால் தரையை உதைக்க வேண்டாம். பின்னால் வரும் லாரியின் ஹார்ன் டிரைவருக்குக் கேட்டாக வேண்டும். பாட்டை நடத்தும் ஆசிரியரும் நடைபாதையில் நிற்காமல் நடுச்சீட்டில் உட்கார்ந்தே நடத்துவது நல்லது. திடீர் பிரேக்கில் முதலில் விழுவது நிற்பவர்தான்.

கோவில்பட்டியில் டீக்கு நிறுத்தும்போது வேறொரு பிரச்சினை. கழிப்பறை வரிசையில் ஐந்து பேர், கடலைமிட்டாய்க் கடையில் மூன்று பேர், மற்றவர்கள் பஸ்ஸில் புழுங்கிக்கொண்டிருப்பார்கள். இந்தக் காத்திருப்புக்குச் சட்டென்று ஆரம்பித்துச் சட்டென்று விடக்கூடிய விளையாட்டு வேண்டும். சீட்டு வரிசைப்படி ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே போக வேண்டும். ஐந்தின் மடங்கு வரும்போது எண்ணுக்குப் பதில் ஒரு கைதட்டு. தவறினால் ஆளை நீக்காமல் மறுபடியும் ஒன்றிலிருந்து. ஏழின் மடங்கை வைத்தும் ஆடுவதுண்டு, ஆனால் காலை நாலரைக்கு எழுந்த பிள்ளைக்கு அந்தச் சாயங்காலத்தில் ஏழாம் வாய்ப்பாடு ஏறாது.

இதே எண்கள் ஆட்களைச் சரிபார்க்கவும் உதவும். ஒவ்வொரு பிள்ளைக்கும் பயணம் முழுவதற்கும் ஒரே எண். பஸ் நகரும் முன் வரிசையாகத் தங்கள் எண்ணைச் சொல்ல வேண்டும், சொல்லும்போது கையையும் உயர்த்த வேண்டும். குரலை மட்டும் நம்பினால் ஆபத்து. தூங்கும் தோழிக்காகப் பக்கத்திலிருப்பவள் 'பதினெட்டு' என்று சொல்லிவிடுவாள். அதே பழக்கத்தில் மிட்டாய்க் கடையில் நிற்கும் தோழிக்காகவும் சொல்லிவிடுவாள்.

சாத்தூர் நெருங்கும்போது இருட்டிவிட்டிருக்கும். இனி எந்தப் போட்டியும் வேண்டாம். உள்விளக்கை அணைத்துவிட்டு, ஆசிரியர் தொடர்கதை ஒன்றைத் தாழ்ந்த குரலில் ஆரம்பிக்கலாம். விழித்திருக்கும் பிள்ளைகள் ஆளுக்கொரு வாக்கியம் சேர்க்கட்டும். பதில் வராத இடத்தில் கேள்வியை மீண்டும் கேட்காமல் அடுத்த பிள்ளைக்கு நகர வேண்டும். விருதுநகருக்குள் கதை நின்றுபோனால் அதுவே வெற்றி.

திருமங்கலம் வந்ததும் விளக்கைப் போட்டு எழுப்பிவிட வேண்டும். அங்கிருந்து மதுரைக்குள் நுழைவதற்குள் செருப்பு, தண்ணீர் பாட்டில், சங்கு மாலை எல்லாவற்றையும் தேடியெடுக்க நேரம் சரியாக இருக்கும். தூக்கக் கலக்கத்தில் ஒருவன் செருப்பை இன்னொருவன் மாட்டிக்கொள்வது வழக்கம் என்பதால், இறங்கும் முன் கடைசியாக எண் சொல்லும்போது கையோடு காலையும் ஒருமுறை காட்டச் சொல்லலாம்.