சேதாரத்தில் ஒளிந்திருக்கும் தள்ளுபடி

அட்சய திருதியைக்கு ஒன்றரை மாதம் முன்பே சிறிய நகைக்கடைக்காரர் புரட்ட வேண்டியது போன வருடத்து பில் புத்தகத்தைத்தான். அன்று வருகிறவர்களில் பலருக்கு வேண்டியது ஆரமோ ஒட்டியாணமோ அல்ல. நல்ல நாளில் ஒரு குண்டுமணித் தங்கமாவது வீட்டுக்கு வரவேண்டும், அவ்வளவுதான். எந்த எடையில் எத்தனை உருப்படி போயிற்று என்று எண்ணிப் பார்த்தால் காசு, மூக்குத்தி, குழந்தை மோதிரம், சின்னத் தோடு என்று சரக்குப் பட்டியல் தானாகவே எழுந்து நிற்கும்.

பட்டறைக்கு அப்போதே சொல்லிவிடுவது நல்லது. 2 கிராமுக்குக் குறைந்த நகைக்கு ஹால்மார்க் கட்டாயமில்லை. அதற்கு மேல் போனால் பொதுவாக ஆறு இலக்க எச்.யூ.ஐ.டி. எண் இல்லாமல் விற்க முடியாது. கடைசி வாரத்தில் நகை தயாராகி, ஹால்மார்க் சென்டரில் வரிசையில் கிடந்தால், பண்டிகை முடிந்த பிறகுதான் கைக்கு வரும்.

அடுத்தது தள்ளுபடி. தங்கத்தின் விலை கடைக்காரர் கையில் இல்லை. காலையில் வருகிற ரேட்தான் எல்லாருக்கும். குறைக்க முடிவது சேதாரத்திலும் செய்கூலியிலும் மட்டுமே.

கணக்குக்கு எளிதாகக் கிராம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பவுன் சங்கிலியில் தங்கம் 80,000 ரூபாய். வாடிக்கையாளரிடம் 12 சதவீதம் சேதாரம், அதாவது 9,600 ரூபாய். பட்டறைக்குக் கடைக்காரர் கொடுத்தது 6 சதவீதம், 4,800 ரூபாய். மீதி 4,800 ரூபாயில்தான் வாடகை, சம்பளம், வட்டி எல்லாம். பெரிய கடையைப் பார்த்து ‘சேதாரத்தில் 50 சதவீதம் தள்ளுபடி’ என்று பேனர் கட்டினால், இந்தச் சங்கிலியில் ஒரு ரூபாய்கூட மிஞ்சாது. கூட்டம் மட்டும் மிஞ்சும்! 12ஐ 10 ஆக்கினால் 1,600 ரூபாய் போய் 3,200 ரூபாய் நிற்கும்.

அதே தள்ளுபடியை ஒன்றரை வருடமாக டிரேயில் தூங்கும் சங்கிலிக்குக் கொடுத்தால் கதை வேறு. அதை உருக்கினால் பட்டறைக்குக் கொடுத்த 4,800 ரூபாயும் போகும், உருக்கும்போது கொஞ்சம் எடையும் குறையும். 4 சதவீதச் சேதாரத்துக்கு விற்றால்கூட 3,200 ரூபாய் திரும்பிவிடும். நட்டம் 1,600 ரூபாயோடு நிற்கும். ஆகவே பேனரில் எழுத வேண்டியது ‘தேர்ந்தெடுத்த டிசைன்களுக்கு மட்டும்’ என்ற வரி. தானாக விற்கும் காசுக்குத் தள்ளுபடி எதற்கு? அதில் லாபமே சொற்பம்.

இன்னொரு கண்ணி, முன்பதிவு. ‘பதிந்த அன்றைய ரேட், வாங்கும் அன்றைய ரேட், எது குறைவோ அது’ என்று சொல்லி 100 கிராமுக்கு முன்பணம் வாங்கிவிட்டு, கடைக்காரர் தங்கம் வாங்காமல் இருந்தார் என்றால், கிராமுக்கு 300 ரூபாய் ஏறினால் 30,000 ரூபாய் கைவிட்டுப் போகும். பதிந்த அன்றே வாங்கி வைத்தாலும், விலை இறங்கினால் அந்த நட்டமும் அவர் தலையில்தான். அதனால் விவரமறிந்தவர்கள் கட்டிய பணத்துக்கு எத்தனை கிராம் வருமோ அந்த எடைக்கு மட்டும் ரேட்டைப் பதிகிறார்கள். அன்று மாலையே அவ்வளவு தங்கத்தை வாங்கிவிடுகிறார்கள். ‘எது குறைவோ’ என்ற வார்த்தையை ரசீதில் அச்சடிப்பதே இல்லை.